ஜிஎம்டி என்பது லண்டன் மணிக்கூடு அல்ல

போன ஜூலை மாதம் ஒரு பின்னேரம், ஐந்து மணி இருக்கும். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பிள்ளை ஒருத்தி மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அழுது ஓய்ந்த முகம். இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அன்று அவளுக்கு ஒன்லைனில் நேர்முகத் தேர்வு. கடிதத்தில் நேரம் `10:00 GMT` என்று போட்டிருந்தது. பின்னேரம் இரண்டரைக்கே இணைப்பைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"ஒருத்தரும் வரேல்லை மாமா. முக்கால் மணித்தியாலம் பாத்திட்டு மூடிட்டன். இப்ப நான் வரேல்லை எண்டு மெயில் வந்திருக்கு."

"இரண்டரை எண்டு ஆர் சொன்னது?"

"லண்டன் சித்தப்பா. இப்ப நாலரை மணித்தியாலந்தானே வித்தியாசம்?"

சித்தப்பா சொன்னது சரி. ஜூலையில் லண்டனுக்கும் இலங்கைக்கும் நாலரை மணித்தியாலம்தான். ஆனால் கடிதம் லண்டன் நேரத்தைச் சொல்லவில்லை, ஜிஎம்டியைச் சொன்னது. ஜிஎம்டிக்கும் நமக்கும் இப்போது வருடம் முழுக்க ஐந்தரை மணித்தியாலம். நேர்முகத் தேர்வு தொடங்கியது பின்னேரம் மூன்றரைக்கு. அவள் மூன்றேகாலுக்கு மூடிவிட்டாள்.

பதினெட்டு வருடம் வளைகுடா நாடொன்றில் விமானங்களுக்குப் பறப்புத் திட்டம் தயாரிக்கும் வேலை பார்த்தவன் நான். நேரக் கணக்கில் தடுக்கி விழுந்து என்னிடம் வந்த பிள்ளைகளில் அந்த வருடம் இவள் நான்காவது ஆள். நாலு பேரும் விழுந்தது ஒரே குழியில்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜிஎம்டி என்பது கிரீன்விச் சராசரி நேரம். கிரீன்விச் லண்டனில் இருக்கிறது. அதனால் ஜிஎம்டி என்றால் லண்டனில் இப்போது என்ன மணியோ அது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். லண்டனில் இருபது வருடமாக இருப்பவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது குளிர்காலத்தில் மட்டும் உண்மை. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அன்று பிரிட்டன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அன்றுதான் திரும்ப இழுக்கும். இடைப்பட்ட ஏழு மாதமும் லண்டனில் ஓடுவது பிரிட்டனின் கோடை நேரம். அது ஜிஎம்டியைவிட ஒரு மணித்தியாலம் முன்னே நிற்கும். ஆக, ஒரு வருடத்தின் பெரும்பகுதியில் கிரீன்விச் ஊரின் மணிக்கூடே ஜிஎம்டியைக் காட்டுவதில்லை.

கணினியும் சேர்ந்து குழப்புகிறது. விண்டோஸில் நேர வலயம் தெரிவுசெய்யும் இடத்தில் `(UTC+00:00) Dublin, Edinburgh, Lisbon, London` என்று ஒரு வரி இருக்கும். நடுக்கோடையில் பார்த்தாலும் அந்த வரி மாறாது. அதைப் பார்த்துவிட்டு லண்டனும் ஜிஎம்டியும் ஒன்று என்று முடிவுகட்டினால் ஜூலையில் ஒரு மணித்தியாலம் பிழைக்கும். போனில் உலக நேரம் பார்ப்பவர்கள் லண்டனை வைத்து ஜிஎம்டி பார்க்காதீர்கள். ஐஸ்லாந்தின் ரெய்காவிக்கையோ கானாவின் அக்ராவையோ சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு ஊரிலும் வருடம் முழுக்க ஜிஎம்டிதான். மணிக்கூட்டை அவர்கள் மாற்றுவதே இல்லை.

சரி, அப்போ அந்த வரியில் இருந்த யூடிசி என்றால் என்ன?

ஜிஎம்டி சூரியனை வைத்து வந்த நேரம். கிரீன்விச் வானாய்வகத்துக்கு மேலே சூரியன் உச்சிக்கு வருவதை வருடம் முழுக்கச் சராசரியாக்கி நண்பகல் என்று வைத்தார்கள். 1884இல் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில் கிரீன்விச் வழியாகப் போகும் கோட்டைத்தான் உலகத்துக்குச் சுழியக் கோடு என்று முடிவு செய்தார்கள். இதில் ஒரு சிக்கல், பூமி ஒரே சீராகச் சுற்றுவதில்லை. நுண்ணிய அளவில் தாமதிக்கும், விரையும். யூடிசி அப்படியல்ல. உலகம் முழுக்கப் பல ஆய்வகங்களில் உள்ள அணுக் கடிகாரங்களின் கணக்கை பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள பன்னாட்டு எடைகள் அளவைகள் பணியகம் ஒன்றுசேர்த்துத் தருவது அது. பூமி பிந்திப்போய் இரண்டும் விலகத் தொடங்கினால் யூடிசியில் ஒரு விநாடியைக் கூட்டுவார்கள். 1972 முதல் இப்படி 27 முறை கூட்டியிருக்கிறார்கள். கடைசியாகக் கூட்டியது 2016 டிசம்பர் 31 நள்ளிரவில். நமக்கு அப்போது 2017 ஜனவரி 1 விடிந்துவிட்டது. காலை 5:29:59க்குப் பிறகு 5:30:00 வரவில்லை. நடுவில் 5:29:60 என்று ஒரு விநாடி வந்துபோனது.

இப்படிக் கூட்டுவதால் யூடிசிக்கும் பூமியின் சுழற்சியை வைத்துச் சொல்லும் நேரத்துக்கும் இடைவெளி ஒரு விநாடிக்கு உள்ளேயே நிற்கிறது. செய்மதிகளோடு வேலை செய்பவருக்கு அந்தத் துளி பெரிய விசயம். உங்களுக்கும் எனக்கும் அல்ல. கடிதத்தில் யூடிசி என்று இருந்தாலும் ஜிஎம்டி என்று இருந்தாலும் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள், இலங்கை நேரம் வந்துவிடும். எது சரி என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் எழுதுபவர் என்ற இடத்தில் நீங்கள் இருந்தால் யூடிசி என்றே எழுதுங்கள். காரணம் அந்த ஒரு விநாடி அல்ல. யூடிசி எந்த ஊருக்கும் சொந்தமில்லை. அதைப் பார்த்து யாரும் லண்டன் சித்தப்பாவிடம் கேட்கப் போவதில்லை.

இந்த யூடிசியைத்தான் விமானிகள் சூலு நேரம் என்கிறார்கள். தென்னாபிரிக்காவின் சூலு மக்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. உலகத்தின் நேர வலயங்களுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்தபோது சுழிய வலயத்துக்கு விழுந்த எழுத்து இசட். வானொலியில் எழுத்துகளைத் தனியே சொன்னால் இரைச்சலில் ஒன்று மற்றதாகக் கேட்கும். அதற்காக ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஏக்கு அல்ஃபா, பிக்கு பிராவோ, அப்படியே போய் இசட்டுக்கு சூலு. எங்கள் ஐந்தரைக்கு அந்த வரிசையில் தனி எழுத்து கிடைக்கவில்லை. ஐந்துக்கு எக்கோ, ஆறுக்கு பொக்ஸ்ட்ரொட். நாங்கள் நடுவில் நிற்கிறோம்.

சென்னை விமான நிலையத்தின் வானிலை அறிக்கை மாதிரி ஒன்றைப் பாருங்கள். பலாலியில் இருந்து சென்னைக்குப் போகிற விமானி இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

```
METAR VOMM 132230Z 25006KT 6000 FEW020 29/25 Q1006
```

`VOMM` சென்னை. `132230Z` என்பதில் முதல் இரண்டு இலக்கம் திகதி, அடுத்த நான்கும் நேரம், கடைசியில் சூலு. அதாவது 13ஆம் திகதி, சூலு 22:30. ஐந்தரையைக் கூட்டுங்கள். 28 மணி வரும். அப்படி ஒரு மணி இல்லை, 24ஐக் கழிக்க வேண்டும். 14ஆம் திகதி விடியப்புறம் நாலு மணி. நேரத்தை மாற்றும் எல்லாரும் திகதியை மாற்றுவதில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் முதல் மாதத்தில் விடும் பிழையும் அதுதான். நம் ஊரில் நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் நடக்கும் எதற்கும் சூலுவில் முந்தின நாள் திகதிதான்.

இதே பிழை வீட்டுக்குள்ளும் நடக்கிறது. விமானத்தைப் பின்தொடரும் செயலியில் 13ஆம் திகதி 21:00 யூடிசிக்கு இறங்கும் என்று பார்த்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குக் கட்டுநாயக்காவில் வான் பிடித்துக்கொண்டு நின்ற குடும்பம் ஒன்றைத் தெரியும். விமானம் வந்தது விடிய இரண்டரைக்கு, 14ஆம் திகதி. தயவுசெய்து ஒன்றை நினைவில் வையுங்கள்: ரிக்கற்றில் அச்சடித்திருப்பது அந்தந்த விமான நிலையத்தின் உள்ளூர் நேரம். அதற்குக் கூட்டல் கழித்தல் ஒன்றும் வேண்டாம். செயலியில் பார்ப்பது யூடிசியா உள்ளூர் நேரமா என்பதை மட்டும் அதன் அமைப்புகளில் போய்ப் பாருங்கள்.

நேரத்துக்குப் பெயர் வேண்டும் என்று வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் யாழ்ப்பாணத்தாருக்கு விளங்க வேண்டும். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்து யூடிசிக்கு ஆறு மணித்தியாலம் என்று வைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. அந்தக் காலம் முழுக்கப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மாற்றமே இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு மணி, வன்னியில் இன்னொரு மணி. "பழைய நேரமோ புது நேரமோ?" என்று கேட்காமல் யாரும் யாரையும் சந்திக்கவில்லை. சூலுவில் எழுதிய ஒரு தாள்கூட அந்தப் பத்து வருடத்தில் திருத்த வேண்டி வரவில்லை.

அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கலியாணம் பேசுகிறார்கள். சாதகத்தை நேரடியாக மென்பொருளில் போட்டுப் பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 2001இல் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் காலை 10:15க்குப் பிறந்த பிள்ளைக்கு யூடிசி 4:15. இன்றைய ஐந்தரையை வைத்துக் கழித்தால் 4:45 வரும். அரை மணித்தியாலம் பிழை. இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று மாறும், எல்லையில் பிறந்த பிள்ளைக்கு இலக்கினமே மாறிவிடும். அதே நாளில் கிளிநொச்சியில் பிறந்த பிள்ளைக்குப் பழைய நேரத்தில் குறித்திருந்தால் ஐந்தரைதான் சரி. எந்த ஊர், எந்த வருடம், எந்த மணிக்கூடு என்று பெற்றவர்களிடம் கேட்காமல் கணிக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளை நடந்ததை விளக்கி எழுதினாள். மன்னிப்போடு இன்னொரு நாள் தந்தார்கள். செப்டெம்பரில், `09:30 GMT`. கணக்குப்படி நமக்குப் பின்னேரம் மூன்று மணி. அவளுக்கு இப்போது கணக்குத் தெரியும்.

நான்தான் விடவில்லை. பிரிட்டனில் உள்ள அலுவலகங்களும் கோடை காலத்தில் பழக்கத்தில் ஜிஎம்டி என்று எழுதிவிட்டு லண்டன் மணிக்கூட்டை நினைத்துக்கொண்டிருப்பதுண்டு. முதல் கடிதத்தை அனுப்பியது பதிவு செய்யும் மென்பொருள். இரண்டாவதை ஒரு ஆள் தன் கையால் எழுதியிருந்தார். "மூன்று மணி எண்டு நம்பாதை. இலங்கை நேரம் இத்தனை, யூடிசி இத்தனை, இது சரியோ எண்டு ஒரு வரி கேள்," என்றேன். கேட்டாள். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. அவர் நினைத்திருந்தது லண்டன் மணிக்கூடு. யூடிசி 8:30, இலங்கையில் பின்னேரம் இரண்டு மணி.

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே இணைப்பில் இருந்தாள். இரண்டுக்குச் சரியாக எதிர்ப்பக்கத் திரை திறந்தது.