சிலையை எங்கே நின்று பார்ப்பது?

உயரமான பீடத்தில் நிற்கும் சிலைக்கு நேர் கீழே போய் அண்ணாந்து பார்த்தால் தாடையும் மூக்குத் துவாரமும்தான் தெரியும். தூரம் போனால் சிலை பொம்மை மாதிரி ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் சிலை கண்ணுக்கு மிகப் பெரிதாகத் தெரிந்தாக வேண்டும். அந்த இடம் எது? 1471-இல் ரெகியோமோன்டானஸ் என்ற ஜெர்மானியக் கணிதர், எர்ஃபர்ட் பேராசிரியர் கிறிஸ்டியன் ரோடருக்கு இதே கேள்வியை எழுதி அனுப்பினார். அவர் கேட்டது செங்குத்தாகத் தொங்கும் ஒரு கோலைப் பற்றி. சிலையோ விளம்பரப் பலகையோ, கணக்கு ஒன்றுதான்.

“பெரிதாகத் தெரிவது” என்றால், சிலையின் பாதத்துக்கும் உச்சிக்கும் நம் கண்ணிலிருந்து இரண்டு கோடுகள் போட்டால் அவற்றுக்கு இடையே உள்ள கோணம் பெரிதாக இருப்பது. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். சிலை 5 மீட்டர். பீடத்தின் மேல்தளம் நம் கண்மட்டத்திலிருந்து 4 மீட்டர் மேலே. அப்படியானால் உச்சி 9 மீட்டர் மேலே. தரையிலிருந்து அல்ல, கண்ணிலிருந்து அளக்க வேண்டும். இந்தக் கணக்கில் பலர் சறுக்குவது இங்கேதான்.

இப்போது பாதம், உச்சி இரண்டையும் தொட்டுக்கொண்டு போகும் ஒரு வட்டத்தைக் கற்பனை செய்யுங்கள். வட்டத்தின் மேல், சிலைக்கு ஒரே பக்கத்தில் எங்கே கண்ணை வைத்தாலும் சிலை ஒரே கோணத்தில்தான் தெரியும். இது பள்ளியில் படித்த தேற்றம். அதே பக்கத்தில் வட்டத்துக்கு வெளியே போனால் கோணம் குறையும், உள்ளே வந்தால் கூடும். நம் கண்ணோ கண்மட்டக் கோட்டை விட்டு ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ஆகவே அந்தக் கோட்டை ஒரே புள்ளியில் தொடுகிற வட்டத்தைத் தேடுகிறோம். தொடுகிற புள்ளியைத் தவிர கோட்டின் மற்ற எல்லாப் புள்ளிகளும் வட்டத்துக்கு வெளியே கிடப்பதால், அந்த ஒரு புள்ளிதான் நிற்க வேண்டிய இடம்.

வட்டத்தின் மையம் பாதத்துக்கும் உச்சிக்கும் நடு உயரத்தில், அதாவது 6.5 மீட்டரில் இருக்கும். கண்மட்டக் கோட்டைத் தொடுவதால் ஆரமும் 6.5. சிலையின் பாதி 2.5. சரி, பிதாகரஸ் மீதியைப் பார்த்துக்கொள்வார்: 6.5-இன் வர்க்கத்திலிருந்து 2.5-இன் வர்க்கத்தைக் கழித்தால் 36, அதன் வர்க்கமூலம் 6. ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சுருக்கு வழியும் உண்டு: 4-ஐயும் 9-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும்.

அங்கே சிலை சுமார் 22.6 பாகைக்குத் தெரிகிறது. 3 மீட்டருக்கு நெருங்கினால் 18.4 பாகை. 12 மீட்டருக்கு விலகினாலும் அதே 18.4. இது தற்செயல் அல்ல. இரண்டு தூரங்களைப் பெருக்கினால் 36 வருகிறதா, அந்த இரண்டு இடங்களிலும் கோணம் சமம். 4.5 மீட்டரும் 8 மீட்டரும் அப்படி ஒரு ஜோடி. இரண்டிலும் 21.8 பாகை, உச்சத்தைவிட ஒரு பாகைகூடக் குறையவில்லை. ஆக, அளவு நாடாவெல்லாம் வேண்டாம். குத்துமதிப்பாக நிற்கலாம், ஆனால் தவறுவதானால் தள்ளி நின்று தவறுங்கள். இரண்டு மீட்டர் கிட்டே போனால் ஏற்படும் இழப்பு, இரண்டு மீட்டர் விலகினால் ஏற்படுவதைவிட அதிகம்.

தள்ளி நிற்கச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தச் சிறந்த இடத்தில் பாதத்தின் ஏற்றக் கோணமும் உச்சியின் ஏற்றக் கோணமும் சேர்ந்து எப்போதும் 90 பாகை. நம் உதாரணத்தில் ஏறக்குறைய 33.7, 56.3. அதனால் பார்வையின் நடுக்கோடு சரியாக 45 பாகைக்கு மேல்நோக்கியிருக்கும். பீடம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் இது மாறாது. கணக்குப்படி மிகச் சிறந்த இடம், கழுத்துக்கு மோசமான இடம். வண்டி ஓட்டுபவருக்கோ அதுவும் கிடையாது. தலைக்கு மேலே 45 பாகையில் இருக்கிற பலகையை வண்டியின் கூரையே மறைத்துவிடும்.

பீடத்தின் விளிம்பும் கணக்கைக் கெடுக்கும். சிலையின் பாதத்துக்கு முன்னால் விளிம்பு 1 மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், 6 மீட்டரில் நிற்பவருக்குச் சிலையின் அடியில் 80 சென்டிமீட்டர் மறைந்துபோகும். 12 மீட்டரில் சுமார் 36 சென்டிமீட்டர்தான் மறையும். பாதம் தெரியாமல் சிலை முழங்காலிலிருந்து முளைத்த மாதிரித் தெரிந்தால், இன்னும் நான்கைந்து அடி பின்னால் நகருங்கள்.

அப்புறம், பலகையின் கீழ்விளிம்பு கண்மட்டத்துக்குக் கீழேயும் மேல்விளிம்பு அதற்கு மேலேயும் இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே சிறந்த தூரம் என்று ஒன்று கிடையாது. கிட்டே போகப் போகக் கோணம் கூடிக்கொண்டே இருக்கும், மூக்கு பலகையில் இடிக்கும் வரை.