வரி ஆப்பு: நிறுவனத்தின் செலவுக்கும் கைச்சம்பளத்துக்கும் நடுவே

ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு மாதம் மொத்தம் எவ்வளவு செலவாகிறது, அதில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது? இந்த இரண்டு தொகைக்கும் இடையில் வரியும் கட்டாயப் பங்களிப்புகளும் உண்டாக்கும் வித்தியாசத்தைப் பொருளியலில் ‘டாக்ஸ் வெட்ஜ்’ என்கிறார்கள். சம்பளச் சீட்டில் நாம் பார்க்கும் ‘பிடித்தம்’ இதில் ஒரு பாதிதான். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் தொகை பெரும்பாலும் அந்தச் சீட்டில் வராது. அது இந்தச் சொல்லுக்குள் வரும். அதனால் ‘பிடித்தம்’ என்று மொழிபெயர்த்தால் பொருள் பாதியில் நின்றுவிடும்.

‘வெட்ஜ்’ என்றால் மரம் பிளக்க அடிக்கும் ஆப்பு. தேவையும் அளிப்பும் வெட்டிக்கொள்ளும் வரைபடத்தில் வரி எதுவும் இல்லாவிட்டால், வாங்குபவர் கொடுக்கும் விலையும் விற்பவருக்குக் கிடைக்கும் விலையும் ஒரே புள்ளியில் சேரும். வரி வந்தால் இரண்டும் விலகி நிற்கும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே விழும் அந்த இடம், ஆப்பைப் பக்கவாட்டில் பார்த்தது போலவே இருக்கும். இத்தாலியர் ‘கூனியோ’ என்கிறார்கள், ஸ்பானியர் ‘கூன்யா’ என்கிறார்கள், ஜெர்மானியர் ‘கைல்’ என்கிறார்கள். எல்லாம் ஆப்புதான்.

அளக்கும் முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விகிதத்தைச் சம்பளத்தின் மேல் கணக்கிடுவதில்லை, நிறுவனத்தின் மொத்தச் செலவின் மேல் கணக்கிடுவார்கள். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு இப்படித்தான் இருக்கும்: வருமான வரி, தொழிலாளியின் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு, நிறுவனத்தின் பங்களிப்பு மூன்றையும் கூட்டி, அரசு திருப்பித் தரும் குடும்ப உதவித்தொகையைக் கழித்து, மொத்தச் செலவால் வகுப்பார்கள். பிள்ளைகள் இல்லாத, சராசரிச் சம்பளம் வாங்கும் தனியாளுக்கு அந்த நாடுகளின் சராசரி அண்மை ஆண்டுகளில் 35 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. பெல்ஜியத்தில் 50 சதவீதத்துக்கும் மேல்.

நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். மாதம் 14,000 ரூபாய் வாங்கும் ஒரு தையல் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தமும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான், வேறு படி கிடையாது. வருங்கால வைப்பு நிதிக்கு, அதாவது பி.எஃப்.க்கு, அவர் பங்கு 12 சதவீதம், 1,680 ரூபாய். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 105 ரூபாய். வருமான வரி கிடையாது. உள்ளாட்சிக்குப் போகும் தொழில் வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை. கைக்கு வருவது 12,215. சீட்டு இதோடு முடிந்துவிடும்.

நிறுவனத்தின் பக்கம் இன்னொரு கணக்கு ஓடுகிறது. பி.எஃப்.க்கு அதுவும் 1,680 கட்டுகிறது. ஊழியர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் வைப்புத்தொகை சார்ந்த காப்பீட்டுக்கு 70, நிர்வாகக் கட்டணமாக 70, இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமாக 455. ஆக 2,275 ரூபாய். போனஸையும் பணிக்கொடையையும் ஒதுக்கி வைத்தாலும், இந்தத் தொழிலாளிக்காக நிறுவனம் மாதம் 16,275 ரூபாய் செலவழிக்கிறது. அவர் கைக்கு வருவது 12,215. நடுவில் நிற்பது 4,060, மொத்தச் செலவில் ஏறத்தாழ 25 சதவீதம். சீட்டை மட்டும் பார்க்கிறவருக்குத் தெரிவது 1,785 ரூபாய்தான்.

சரி, இந்த 4,060 முழுவதையும் வரி என்று சொல்லலாமா? கூடாது என்றுதான் நினைக்கிறேன். தொழிலாளியின் 1,680 அப்படியே அவருடைய பி.எஃப். கணக்கில் ஏறுகிறது, வட்டியும் சேர்கிறது. நிறுவனத்தின் 1,680-இல், சம்பளத்தின் 8.33 சதவீதமான 1,166 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், மீதி 514 அதே கணக்குக்கு வரும். ஆக 2,194 ரூபாய் அவர் பெயரிலேயே இருக்கும் பணம், தள்ளிப்போன சம்பளம். அதை நீக்கினால் மிஞ்சுவது 1,866, சுமார் 11.5 சதவீதம். அதிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை அருகில் இருந்து அதைப் பயன்படுத்துகிறவருக்கு அந்தப் பணம் காப்பீட்டுச் சந்தா. மருத்துவமனை எட்டாத தொலைவில் இருக்கிறவருக்கு அது வெறும் பிடித்தம். ஒரே விகிதம்தான், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே சுமை இல்லை.

நாடுகளை ஒப்பிடும் பட்டியல்களிலும் இதே சிக்கல் உண்டு. கொலம்பியாவின் சராசரித் தொழிலாளிக்கு ஓஇசிடி கணக்கில் விகிதம் பூஜ்யம். அங்கே யாரும் எதுவும் கட்டுவதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் கட்டாயமாகக் கட்டத்தான் வேண்டும். ஆனால் அது அரசுக் கணக்குக்கு வெளியே இருக்கும் நிதிகளுக்குப் போவதால் ‘வரியல்லாத கட்டாயக் கட்டணம்’ என்று தனியாக வைக்கிறார்கள். இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8, நிறுவனம் 12, நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் 3 சதவீதம். 100 ரூபாய்ச் சம்பளத்தில் செலவு 115, கைக்கு 92, இடையில் 20 சதவீதம். அதையும் வரி என்று எண்ணுவதா, சேமிப்பு என்று எண்ணுவதா என்று முதலில் சொல்லாமல் வேறொரு நாட்டோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

இன்னொரு கேள்வி பொருளியலில் நெடுநாளாக ஓடுகிறது. நிறுவனப் பங்கை உண்மையில் சுமப்பது யார்? சட்டம் நிறுவனம் என்கிறது. சந்தை வேறு மாதிரி பதில் சொல்லலாம். சிலே நாடு 1981-இல் ஓய்வூதியத்தைத் தனியார் நிதிகளுக்கு மாற்றியபோது நிறுவனங்களின் பங்களிப்பு பெருமளவு குறைந்தது. பொருளியலாளர் ஜொனாதன் குரூபர் அதை ஆராய்ந்து 1997-இல் எழுதினார்: குறைந்த தொகை ஏறத்தாழ முழுதும் சம்பள உயர்வாகத் தொழிலாளர்களுக்கே போயிருந்தது, வேலைவாய்ப்பு பெரிதாக மாறவில்லை. அப்படியென்றால் அதுவரை அதைச் சுமந்தது தொழிலாளர்கள்தான். ஆனால் இது எங்கும் பொருந்தும் விதி இல்லை. 2007-இல் ஸ்வீடன் இளைஞர்களுக்கான நிறுவனப் பங்கைக் குறைத்தபோது அவர்களின் கைச்சம்பளம் அசையவில்லை, கூடுதல் இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது.

இனி தமிழ்ச் சொல். ‘வரி இடைவெளி’ என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வசூலாக வேண்டிய வரிக்கும் வசூலான வரிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அந்தப் பெயர் தேவைப்படுகிறது, அது முற்றிலும் வேறு விஷயம். ‘வரிப் பிளவு’ விளைவை மட்டும் சொல்கிறது. ‘வரி ஆப்பு’ என்பதில் உள்ள தயக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. ‘ஆப்பு வைத்துவிட்டான்’ என்று பேச்சில் கெடுதலுக்குத்தான் சொல்கிறோம், அதனால் கட்டுரையாளர் வரியை எதிர்க்கிறார் என்ற சாயல் ஏறிவிடும். ஆனாலும் நடுவில் புகுந்து இரண்டு பக்கத்தையும் விலக்குவது என்ற உள்பொருளை இந்தச் சொல்தான் தாங்குகிறது. முதல் இடத்தில் ‘நிறுவனச் செலவுக்கும் கைச்சம்பளத்துக்கும் இடையிலான வரி ஆப்பு’ என்று விரித்து எழுதிவிட்டு, அப்புறம் ‘வரி ஆப்பு’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

உங்கள் வேலையில் இதை அளக்க வேண்டுமானால் பணி நியமனக் கடிதத்தில் நிறுவனத்தின் மொத்தச் செலவாகக் காட்டும் ‘சிடிசி’ தொகையிலிருந்து தொடங்குங்கள். நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் பணிக்கொடையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். ஆண்டுத் தொகையை 12-ஆல் வகுத்து, வங்கிக்கு வரும் தொகையைக் கழியுங்கள். மிஞ்சுவதில் பி.எஃப். கணக்கில் ஏறியது எவ்வளவு என்று பாஸ்புக்கில் பார்த்து அதைத் தனியே எடுத்துவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் போனஸ், பணிக்கொடை, நிறுவனம் எடுக்கும் மருத்துவக் காப்பீடு போன்றவை சிடிசியில் இருந்தால் அவற்றையும் நீக்குங்கள், ஏனென்றால் அவை சம்பளத்தின் வேறு வடிவங்கள். கடைசியில் நிற்கும் தொகைதான் உங்கள் வரி ஆப்பு.