லெவல்: மட்டமா, படிமானமா?

விசுவமடுவில் அக்காவின் வீட்டுக் குசினியில் கிறனைற் பலகை போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் அதன் மேல் ஏறி நின்றிருக்கிறார். 'டக்' என்று ஒரு சத்தம். சிங்குக்காக வெட்டிய ஓட்டையின் உள்மூலையிலிருந்து முன்விளிம்புவரை மயிரிழை போல ஒரு வெடிப்பு. பலகை போட்ட மேசனைக் கூப்பிட்டோம். அவர் குமிழிக் கருவியை நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்துக் காட்டினார். "அக்கா, நீங்களே பாருங்கோ, லெவல் சரிதானே?" குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் 'லெவல்' என்று நாம் சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

ஆங்கிலத்தின் 'லெவல்' பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீனில் 'லிப்ரா' என்றால் தராசு. 'லிபெல்லா' என்றால் சின்னத் தராசு. ரோமக் கட்டடக்காரர் முக்கோணச் சட்டத்தில் நூற்குண்டைத் தொங்கவிட்டு மட்டம் பார்த்த கருவிக்கும் அதுவே பெயர். சோதிடத்தில் நாம் துலாம் என்று சொல்லும் ராசிக்கு மேற்கில் லிப்ரா என்பதுதான் பெயர். துலா என்றதும் எங்களுக்குத் தராசு நினைவுக்கு வராது, கிணற்றடி மரம்தான் வரும். அதுவும் ஒரு தராசுதானே, ஒரு நுனி ஏற மறுநுனி இறங்கும். ஆக, லெவல் என்ற சொல் பிறப்பிலேயே ஒரு கேள்வியை மட்டும் கேட்கிறது: எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது? தட்டின் அடியில் என்ன இருக்கிறது என்று தராசு கேட்பதில்லை.

இதற்கு நம்மிடம் உள்ள சொல் மட்டம். மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டும், மட்டுப்படுத்து எல்லாம் அந்தக் குடும்பம். வன்னியில் இந்தச் சொல்லைப் பலவிதமாகப் பாவிக்கிறோம். இரணைமடுவின் நீர்மட்டம் இத்தனை அடி என்றால் அது உயரம். வயலை உழுது மட்டப்படுத்தினால் மேடுபள்ளம் போக்குவது. பலகை மட்டமாக இருக்கிறது என்றால் சாய்வில்லை என்பது. மூன்றும் மூன்று சங்கதி. சாய்வில்லாததைப் பிரித்துச் சொல்லக் கிடைமட்டம் என்ற சொல் இருக்கிறது. குமிழிக் கருவிக்கு ரசமட்டம் என்று பெயர். ரசம் என்றதும் பாதரசம் என்று நினைக்க வேண்டாம், குழாய்க்குள் இருப்பது பெரும்பாலும் மதுசாரம். ஆங்கிலக்காரர் அதை 'ஸ்பிரிட்' லெவல் என்பதும் அதனால்தான்.

சரி, பலகை ஏன் வெடித்தது?

அக்கா வீட்டுப் பலகை 6 அடி நீளம், 2 அடி அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு. எடை ஏறக்குறைய 60 கிலோ. இரண்டு அந்தத்திலும் சீமெந்துக் கல்லில் கட்டிய சிறு சுவர், நடுவில் சுவரில் பூட்டிய இரண்டு ஆங்கிள் அயன் பிறக்கெற். கணக்குப்படி எந்த இடத்திலும் 2 அடிக்கு மேல் வெறுமையில்லை. இந்தத் தடிப்புக்கு அது போதும். ஆனால் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது, சிங்குப் பக்கத்துப் பிறக்கெற் சுவரோரம் சரியான உயரத்தில் இருந்தது, முன்முனை மட்டும் 3 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது. பிறக்கெற்றின் இரும்பை ஒட்டும்போது மூலை சரியாக 90 பாகையில் நிற்கவில்லை. மேசன் சுவரோரமாக மட்டும் பார்த்துவிட்டு, முன்பக்கத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். ஆகவே அந்தப் பிறக்கெற் முன்பக்கத்தில் பலகையைத் தொடவேயில்லை. முதல் பிறக்கெற்றிலிருந்து வலது சுவர்வரை மூன்றரை அடிக்கு மேல் அந்தரத்தில் நின்றிருக்கிறது. அதற்குள்தான் சிங்கு ஓட்டை, ஓட்டைக்கு முன்னால் மூன்றங்குலக் கீற்று.

கிறனைற் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், வளைத்தால் முறியும். இரும்பைப் போலத் தாழ்ந்துபோய் எச்சரிக்கையும் தராது. வெறும் பலகையாக இருந்தபோது தன் எடைக்கு அது தாழவில்லை, குமிழியும் நடுவில் நின்றது. ஒரு ஆள் ஏறியதும் ஓட்டையின் கூர்மூலையில் விட்டுவிட்டது. (ஓட்டையின் மூலைகளைக் கூராக வெட்டாமல் வளைத்து வெட்டியிருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கும். அது வேறு கதை.)

ஆக, பலகைக்குக் கிடைமட்டம் இருந்தது. இல்லாமல்போனது வேறொன்று. அதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது: படிமானம். படிதல் என்றால் அமர்ந்துபோதல், ஒட்டி இருத்தல். தலைமயிர் படியவில்லை என்கிறோமே, அதே படிதல்தான். தாங்கிகளின் மேல் கல் எல்லா இடத்திலும் ஒட்டி அமர்ந்திருப்பதே படிமானம். லெவல் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் இந்த இரண்டாவது கேள்வி எழுவதே இல்லை. அதனால் லெவலுக்குத் தமிழ் மட்டம் என்று மாற்றி வைப்பதோடு எனக்குத் திருப்தியில்லை. மேசனிடம் மட்டமும் வேண்டும், படிமானமும் வேண்டும் என்று இரண்டாகச் சொல்வதுதான் சரி என்பேன்.

இரண்டாம் முறை போட்டபோது நானும் கூட நின்றேன். முதலில் ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லையென்று பார்த்து, சுவரெல்லாம் ஒரே உயரத்தில் கோடு போட்டோம். முடிந்த உயரம் 34 அங்குலம். கல்லுக்கு முக்கால், சாந்துக்குக் கால் கழித்தால் சிறு சுவரின் தலை 33 அங்குலத்தில் வரவேண்டும். பிறக்கெற்றின் தலையில் சாந்து இல்லை, அதனால் அது கால் அங்குலம் உயர்ந்து நிற்கும். பிறகு முன்பக்கம் நூல் கட்டி, பிறக்கெற் முனைகள் நூலுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்தோம். ரசமட்டத்தை ஒருமுறை வைத்துப் பார்த்து, அதே இடத்தில் தலைமாற்றி வைத்தும் பார்த்தோம். இரண்டு முறையும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் அந்தக் கருவியை நம்பலாம்.

அப்புறம் சிறு சுவர்களின் மேல் கால் அங்குலக் கம்பித் துண்டுகளை வைத்து, சாந்தில்லாமல் பலகையை வைத்தோம். ஒவ்வொரு தாங்கியின் மேலும் பழைய பஸ் ரிக்கற் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். மற்ற இடங்களில் நுழையவில்லை, ஒரு பிறக்கெற் முனையில் மட்டும் தாராளமாகப் போனது. மேசன் மரச்சீவல் வைக்கப் போனார், வேண்டாம் என்றேன். மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும், கறையானும் விடாது. மெல்லிய தகரத் துண்டு வைத்தோம், ரிக்கற் நின்றுவிட்டது. பலகையைத் தூக்கிக் கம்பிகளை எடுத்து, பிறக்கெற் தலைகளில் சிலிக்கனும் சிறு சுவர்களில் சாந்தும் இட்டு இறக்கினோம். ஓட்டையின் இரு பக்கமும் மூன்றங்குலத்துக்குள் ஒரு தாங்கி வரும்படி பிறக்கெற் ஒன்றை இடம் மாற்றியிருந்தோம். இரண்டு நாள் யாரும் கைவைக்கவில்லை.

வெடித்த பழைய பலகையின் பெரிய துண்டு இப்போது கிணற்றடியில் கிடக்கிறது. மணலை அள்ளிப் போட்டு, அதன் மேல் தண்ணீர் வழியட்டும் என்று ஒரு பக்கம் சரித்துப் போட்டிருக்கிறோம். அக்கா அதில் போர்வை அடித்துத் துவைக்கிறா. ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஓரத்துக்கு ஓடிவிடும். கல்லில் இன்னும் ஒரு கீறல் கூட விழவில்லை.