ஒரு நிமிஷம் சிஸ்டர்

வேலை நடுவில் யாரோ கூப்பிட்டு மருந்தில் தப்பு நடப்பது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. காலை ஷிப்ட். நான்காம் பெட் பெரியவருக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடும் ரெகுலர் இன்சுலின், 12 யூனிட். ஊசி போட்டுவிட்டு சார்ட்டில் கையெழுத்துப் போடத் திரும்பிய பெண்ணை, "ஒரு நிமிஷம் சிஸ்டர், டிஸ்சார்ஜ் பில் என்னாச்சு?" என்று ஒருவர் கூப்பிட்டார். அந்த ஒரு நிமிஷம் இருபது நிமிஷம் ஆனது. சார்ட்டில் இடம் காலியாக இருப்பதைப் பார்த்த இன்னொரு நர்ஸ், உதவி செய்கிறோம் என்று நினைத்து மறுபடி 12 யூனிட் போட்டுவிட்டார். ஒன்பதே முக்காலுக்குப் பெரியவர் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். சுகர் 52. குளுக்கோஸ் கொடுத்து மீட்டோம். ஆனால் ரெகுலர் லேசில் அடங்காது. சாயங்காலம் வரை விடாமல் சுகர் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் ஊசி போட்ட பெண்ணிடம், காலையில் முந்தைய ஷிப்டிடம் ஹேண்டோவர் வாங்கியதும் தள்ளிப்போடக் கூடாத மூன்று வேலையைக் குறித்துக்கொண்டாயா என்று கேட்டேன். "எல்லாமே முக்கியம்தானே சிஸ்டர்" என்றாள்.

இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். எல்லாம் முக்கியம்தான், யார் இல்லை என்றது? பெட்ஷீட் மாற்றுவதும் முக்கியம். ஆனால் அது அரை மணி தள்ளிப்போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, வேறு ஆளும் செய்யலாம். தள்ளிப்போனால் நோயாளிக்கு ஆபத்து, என் கையால்தான் ஆக வேண்டும் என்பவை எவையோ அவைதான் அந்த மூன்று. அன்றைக்கு அவை கண்ணுக்கு முன்னாலேயே இருந்தன: நான்காம் பெட் இன்சுலினும் அதற்குப் பின் டிபனும், ஒன்பது மணிக்கு தியேட்டர் போகும் பன்னிரண்டாம் பெட்டுக்கு, கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக், ஒன்பதாம் பெட்டுக்கு பத்து மணிக்கு ரத்தம், அதில் முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நிற்பது. (நிற்க ஆள் இல்லாதபோது பையை பிளட் பேங்கிலிருந்து வரவழைக்காதீர்கள். வந்த அரை மணிக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும்.)

எழுதி வைத்தால் மட்டும் போதாது. பக்கத்து நர்ஸிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஏழரையிலிருந்து ஏழே முக்கால் வரை போனும் பெல்லும் நீ பார், எட்டு மணிக்கு உன்னுடையதை நான் பார்க்கிறேன்." ஊசி உள்ளே போனதும் வேலை முடிந்துவிடாது, கையெழுத்துப் போட்டால்தான் முடிந்தது. சார்ட்டை நோயாளி பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மூச்சுத்திணறல் கேஸுக்கு ஓட வேண்டி வந்தால் ஓடுங்கள். ஆனால் எடுத்த மருந்தைப் பெயர் ஒட்டாமல் டிரேயில் விட்டுப் போகாதீர்கள். கொட்டிவிட்டு, திரும்பி வந்து நோயாளி பெயரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்பதே கிடையாது. பத்து மணிக்குப் புது அட்மிஷன் வந்து மூன்று நான்கானால் இன்சார்ஜிடம் சொல்லுங்கள், சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

நோயாளியோடு வந்திருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நர்ஸ் கையில் ஊசி இருக்கும்போது பில்லைப் பற்றிக் கேட்காதீர்கள். மயக்கம், மூச்சுத்திணறல், ரத்தம் என்றால் மட்டும் தயங்காமல் கத்தியே கூப்பிடுங்கள், ஓடி வருவோம்.