ஓட்டை ஒண்டுதான், பதில் மூண்டு: வார்ப்பு, வெல்டிங், மெஷினிங் டேபிள் போடுற விதம்

நான் லேத் வேலையிலிருந்து படிப்பிக்க வந்த ஆள், இப்ப கல்முனைப் பக்கம் டெக்னோலொஜி பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறன். சோட் ஆன்சர் திருத்தேக்க திரும்பத் திரும்பப் பாக்கிற ஒரு பிழையப் பத்தித்தான் இது. உலோகத்துக்குள்ள சின்னச் சின்ன ஓட்டை விழுறதத்தான் போரோசிட்டி எண்டுறது. "வார்ப்பில போரோசிட்டி ஏன் வருது" எண்டு கேட்டா "காத்து அடைபடுறதால", "வெல்டிங்கில ஏன் வருது" எண்டு கேட்டாலும் "காத்து அடைபடுறதால". பிழையில்லதான், ஆனா அந்தக் காத்து எங்கயிருந்து வந்தது எண்டு எழுதாட்டி ரெண்டு வேலைக்கும் வித்தியாசம் எழுதின மாதிரி ஆகாது.

பிள்ளைகள் கொண்டு வாற டேபிள்ல முக்காவாசி "நன்மை, தீமை, பயன்பாடு" எண்டுதான் இருக்கும், அது நோட்ஸ்ல இருந்து வந்த டேபிள். நான் செய்யச் சொல்றது வேற. பழைய பேப்பர் கேள்விகள வெட்டி மேசையில பரப்பி, வார்ப்பு ஒரு பக்கம் வெல்டிங் ஒரு பக்கம் எண்டு பிரிக்காம, கேள்வி என்னத்தக் கேக்குது எண்டு பாத்து அடுக்குங்க. ஓட்டையப் பத்திக் கேட்டதெல்லாம் ஒரு குவியல், அளவு மாறுறதப் பத்திக் கேட்டதெல்லாம் இன்னொரு குவியல். ஒவ்வொரு குவியலும் டேபிள்ல ஒரு வரி.

| கேட்டது | வார்ப்பு | வெல்டிங் | மெஷினிங் |
|---|---|---|---|
| உலோகத்துக்கு என்ன நடக்குது | முழுக்க உருகி அச்சுக்குள்ள இறுகுது | பொருத்துற இடம் மட்டும் உருகி இறுகுது | உருகாது, வேண்டாததச் சீவி எடுக்கிறம் |
| ஓட்டை ஏன் | ஈர மணல், காத்துப் போக வழியில்லாத அச்சு | ஈர ரொட், துரு, எண்ணெய், பெயின்ட் | உண்டாக்காது, உள்ள கிடந்ததக் காட்டும் |
| அளவு ஏன் மாறுது | ஆறேக்க முழுச் சாமானும் சுருங்கும் | ஒரு இடம் மட்டும் சூடாகிச் சுருங்கி வளையும் | டூல் தேயும், வெட்டுற சூட்டில விரியும் |

ரெண்டாவது வரியில மெஷினிங் பெட்டிய ஒரு பிள்ளை வெறுமையா விட்டுட்டு வந்து, "சேர், இதுக்கு ஒண்டும் இல்லதானே" எண்டு கேட்டான். "இருக்கு மனே" எண்டு சொல்லி ஒரு புலியின்ட, அதாவது பெல்ட் ஓடுற கப்பியின்ட, கதையச் சொன்னன்.

நெல்லு மில்லுக்குப் போற வார்ப்பிரும்புப் புலி, முடிஞ்ச அளவு வெளி விட்டம் 200 மில்லிமீற்றர், நடு ஓட்டை 40. வார்த்து வந்தத லேத்தில பூட்டி நடு ஓட்டையப் பெருப்பிக்க 38 அளவில உள்சுவர்ல பொட்டுப் பொட்டா குழி தெரிஞ்சுது. குழிய லைட் அடிச்சுப் பாத்தா உள்சுவர் உருண்டையா வழுவழுப்பா இருந்துது, அப்ப அது வாயு, மணல் ஈரமாக் கிடந்திருக்கு. அதே குழி கரடுமுரடா, முள்ளு முள்ளா இருந்திருந்தா அது சுருக்கக் குழி, சுருங்கேக்க இரும்பு ஊட்டுறதுக்கு வைக்கிற ரைசர்ல இருந்து உருகின இரும்பு வந்து சேராததால வாறது. ரெண்டையும் ஒண்டா நினைச்சு எழுதுறவங்கதான் கூட. வெல்டிங்கிலயும் இப்பிடித்தான், எங்கட பக்கம் மாரி மழைக்க திறந்து வச்ச ரொட் ஈரத்த இழுத்துக்கொள்ளும், ஒட்டின வரியில குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை வரும்.

மூண்டாவது வரிக்கும் அதே புலிதான். மணல்ல அச்சுப் பதிக்கிற பேட்டர்ன் எவ்வளவு பெருசாச் செய்யணும்? சீவி எடுக்க ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீற்றர் விட்டா வெளி விட்டம் 206. சாம்பல் வார்ப்பிரும்பு ஆறேக்க கிட்டத்தட்ட 1% சுருங்கும், அதால பேட்டர்ன் 208 அளவில வேணும். நடு ஓட்டையிலதான் பிள்ளைகள் தடுமாறுறது. அங்க சீவுறதுக்கு விடுற 3 மில்லிமீற்றர் ரெண்டு பக்கமும் கழியும், 40 ஆகிறது 34. ஆனா சுருக்கத்துக்குக் கழிக்கக் கூடாது, ஓட்டையும் சாமானோட சேந்து சுருங்குறதால ஓட்டை விழ அச்சுக்குள்ள வைக்கிற கோர் 34.3 அளவில செய்யணும். சீவுற கணக்கு வெளியில கூடும், உள்ளுக்க குறையும், சுருக்கக் கணக்கு ரெண்டு இடத்திலயும் கூடும். டேபிள்ல அந்தப் பெட்டிக்குள்ள இத ஒரு சின்னக் கீறலோட எழுதி வைங்க.

மில்காரர் அந்தக் குழிகள வெல்டிங் அடிச்சு மூடித் தரச் சொன்னார். சாதாரண ரொட்டால வார்ப்பிரும்பில அடிச்சா ஒட்டின இடமும் ஓரமும் வேகமா ஆறிக் கண்ணாடி மாதிரி கட்டியாகும், பிறகு டூல் வச்சா முனை மழுங்கிடும், ஓரத்தில வெடிப்பும் வரலாம். முன்கூட்டிச் சூடாக்கி, நிக்கல் ரொட்டால அடிச்சு, மெதுவா ஆற விட்டாத்தான் திரும்பச் சீவலாம். செலவச் சொன்னன், அவர் புதுசு வார்க்கக் குடுத்தார், இந்த முறை மணலக் காய வைக்கச் சொல்லி.