கழுத்துக் கட்டியை அகற்றுவதற்கு முன் தைராய்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

தைராய்டு சுரப்பி கழுத்தில் உருவாவதில்லை. கருவின் நான்காவது வாரத்தில், பின்னாளில் நாக்கின் அடிப்பகுதியாக அமையும் இடத்தில் அது ஒரு சிறு தடிப்பாகத் தோன்றி, மெல்லக் கீழிறங்கி, ஏழாவது வாரவாக்கில் மூச்சுக்குழாயின் முன்புறம் வந்து சேர்கிறது. இறங்கும்போது அதை நாக்கோடு இணைத்திருக்கும் மெல்லிய குழாய், பத்தாவது வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

மறையாமல் எஞ்சிய குழாய்ப் பகுதியில் திரவம் தேங்கினால் நடுக்கழுத்தில் நீர்க்கட்டி உண்டாகிறது. அது பெரும்பாலும், நாக்கின் கீழே கழுத்தின் முன்புறம் இருக்கும் சிறு எலும்பான ஹையாய்டை ஒட்டி அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்கும்; விழுங்கும்போதும் நாக்கை வெளியே நீட்டும்போதும் மேலேறும். சளி பிடித்த பிறகு திடீரென வீங்கிச் சிவப்பதால், பல குழந்தைகளுக்கு இது நெறிகட்டியாகக் கருதப்பட்டு ஆன்டிபயாடிக் மட்டும் தரப்படுகிறது. கட்டியை மட்டும் அகற்றினால் மீண்டும் வர வாய்ப்பு மிக அதிகம். ஏனெனில் குழாயின் மிச்சம் ஹையாய்டு எலும்பை ஒட்டிச் செல்கிறது. எனவே, 1920இல் சிஸ்ட்ரங்க் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் விவரித்த முறைப்படி, எலும்பின் நடுப்பகுதியையும் நாக்கின் அடி வரையுள்ள தசைப்பகுதியையும் சேர்த்தே எடுக்கிறோம். எலும்பை எடுப்பதா என்று பெற்றோர் அஞ்சுவது இயல்புதான். ஆனால் அந்தச் சிறு துண்டு இல்லாததால் பேச்சோ விழுங்குதலோ பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை.

ஆனால், கத்தியை எடுப்பதற்கு முன் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து தைராய்டு தன் இடத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சில சமயம் நீர்க்கட்டி என்று நினைக்கும் வீக்கமே, பாதி வழியில் நின்றுவிட்ட தைராய்டாக இருக்கும். சிலருக்குச் சுரப்பி இறங்கவே இறங்காமல் நாக்கின் அடியிலேயே தங்கிவிடுகிறது. அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு உடலில் வேறு தைராய்டே இல்லை.

தொண்டையில் ஏதோ அடைத்திருப்பதாகச் சொல்லி வந்த பதினான்கு வயதுப் பெண்ணிடம் இதைக் கண்டேன். நாக்கின் அடியில், நடுவில், இரத்தக் குழாய்கள் தெரியும் செந்நிற வீக்கம் இருந்தது. வேறோரிடத்தில் சதைப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார்கள். இத்தகைய வீக்கத்தில் அது கடும் இரத்தக்கசிவை வரவழைக்கலாம் என்பதால் முதலில் ஸ்கேன் எடுத்தோம். கழுத்தில் தைராய்டு தென்படவில்லை. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச், இரத்தத்தில் இயல்பைவிட மிக உயர்ந்து 18 இருந்தது. தைராய்டுத் திசு எங்கிருந்தாலும் காட்டிக்கொடுக்கும் டெக்னீஷியம் ஸ்கேனில் நாக்கின் அடி மட்டுமே ஒளிர்ந்தது.

இறங்காத சுரப்பியால் பருவ வயதின் தேவைக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை; டிஎஸ்எச் உயர்ந்து அதைத் தூண்டத் தூண்ட அது பெருக்கிறது. ஆகவே மருத்துவம் கத்தியில் தொடங்காமல் தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரையில் தொடங்கியது. மூச்சுத் திணறலோ இரத்தக்கசிவோ இருந்தால்தான் அறுவை சிகிச்சை. சில மாதங்களில் டிஎஸ்எச் சீரானது. வீக்கம் சற்றே சுருங்கியது, அடைப்புணர்வு நீங்கியது. மாத்திரை வாழ்நாள் முழுவதும் வேண்டும் என்பதையும், பின்னாளில் கருவுற்றால் உடனே டிஎஸ்எச் பார்த்து அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்பதையும் தாயிடமும் மகளிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.