மிஸ்ட்டா, மிஸ்ஸா? பூம்பாறை மழையில் ஒரு வாக்கியம்

கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில் ஒரு தகரக் கொட்டகை. வெளியே நல்ல மழை. மலைப்பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கும் விவசாயி, செல்போனில் வீடியோ எடுக்கும் பையனிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "நேத்து மிஸ்ட் எறங்கிருச்சு தம்பி, ஸ்ப்ரேயர் ஆன் பண்ணவே முடியல."

இந்த வீடியோவுக்குத் தானாக வசனம் போடச் சொன்னால், இப்படி வரலாம்: "நேற்று மிஸ் இறங்கிருச்சு தம்பி, ஸ்பிரேயர் ஆன் பண்ணவே முடியல." பேச்சு வழக்கு, ஆங்கிலக் கலப்பு, மழைச் சத்தம் என்று மூன்று தொல்லைகளும் இந்த ஒரே வரியில் இருக்கின்றன.

கணினி ஒலியை அப்படியே கேட்பதில்லை. 2022-இல் வெளியான விஸ்பர் போன்ற, பேச்சை எழுத்தாக்கும் கணினி மாதிரிகள் ஒலியை 30 விநாடித் துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு விநாடியையும் 100 கீற்றுகளாக வெட்டுகின்றன. எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்று ஒவ்வொரு கீற்றிலும் அளக்கின்றன. கிடைப்பது ஒரு படம். அதில் 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் கீழ்ப்பகுதியில் பட்டைபட்டையாகத் தெரியும். 'ஸ்' மேலே, 4000 ஹெர்ட்ஸுக்கும் அப்பால், மணல் தூவியது போல இருக்கும். 'ட்' ஒரு நொடிப்பொறிதான். சில கீற்றுகளிலேயே முடிந்துவிடும்.

தகரத்தில் விழும் மழையும் அதே படத்தில் மணல் தூவுகிறது, மேலிருந்து கீழ்வரை. உயிரொலிகள் வலுவானவை, தாக்குப்பிடித்துவிடும். 'மிஸ்ட்' என்பதன் கடைசி 'ட்' புதைந்துபோகும். அந்த இடத்தில் படம் கைவிட்டதும், மாதிரி தன் பழக்கத்தின் மேல் சாய்கிறது. பயிற்சியில் அது பார்த்த தமிழில் "பஸ் மிஸ் ஆயிடுச்சு", "மிஸ் பண்ணிட்டேன்" என்பவை ஏராளம். 'மிஸ்ட்' மலைக்காரர்கள் வாயில் சாதாரணமாக வந்தாலும், எழுத்தில் அபூர்வம். அதனால் 'மிஸ்' ஜெயிக்கிறது. 'எறங்கிருச்சு' என்ற அடுத்த சொல் காப்பாற்றியிருக்க வேண்டாமா? பனியும் மேகமும்தானே இறங்கும்! ஆனால் மாதிரி இடமிருந்து வலமாக எழுதுகிறது. 'மிஸ்' என்று எழுதும்போது அடுத்த சொல்லை இன்னும் எழுதியிருக்காது. அதனால்தான் ஒரே விடையைப் பிடித்துக்கொள்ளாமல், நாலைந்து வாக்கியங்களை ஒரே நேரத்தில் வளர்த்து, கடைசியில் மொத்தமாகப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கும் வழி பயன்படுகிறது.

மற்ற மாற்றங்கள் வேறு வகை. 'நேத்து' 'நேற்று' ஆனதும் 'எறங்கி' 'இறங்கி' ஆனதும் காது கேட்காததால் அல்ல. பயிற்சிக்குக் கிடைத்த வசனங்களில் பலவற்றைப் பேச்சிலிருந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றித்தான் மனிதர்களே எழுதியிருக்கிறார்கள். மாதிரி அவர்களிடம் கற்றதைச் செய்கிறது.

இங்கே அளவுகோலிலேயே ஒரு சிக்கல் வருகிறது. எட்டுச் சொற்களில் நான்கு மாறியிருக்கின்றன. சொல்பிழை விகிதம் 50 சதவீதம். ஆனால் பொருள் கெட்டது ஒரே சொல்லில்தான், அதாவது 12.5 சதவீதம். 'ஸ்ப்ரேயர்', 'ஸ்பிரேயர்' இரண்டும் ஒன்றுதான் என்று அளவுகோலுக்குத் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் அதுவும் பிழைதான். தமிழுக்கு, எழுத்து எழுத்தாக எண்ணும் பிழை விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெறும் சொல் கணக்கு மட்டும் பார்த்தால், வட்டார வழக்கைத் துடைத்தெறியும் மாதிரிக்கும் உண்மையிலேயே காது மந்தமான மாதிரிக்கும் வித்தியாசம் தெரியாது.

சரி, மிஸ்ட்டை மீட்பது எப்படி? விஸ்பரில் `--initial_prompt` என்று ஒரு வசதி உண்டு. "பூம்பாறை, மலைப்பூண்டு, மிஸ்ட், ஸ்ப்ரேயர்" என்று முன்கூட்டியே கொடுத்தால், இந்தச் சொற்களின் பக்கம் தராசு கொஞ்சம் சாயும். நீளமான பட்டியல் கொடுக்க முடியாது. மேலும், சாய்வு அதிகமானால் உண்மையான 'மிஸ்'கூட மிஸ்ட் ஆகிவிடும்.

இரைச்சலை நீக்கும் மென்பொருளில் போட்டுக் கொடுக்கலாமே என்று தோன்றும். பல நேரம் அது நிலைமையை மோசமாக்குகிறது. மழையோடு சேர்த்து மிச்சமிருந்த 'ட்'டையும் வழித்துவிடும். அதைவிட மைக்கை நெருக்கி வைப்பது பெரிய உதவி. தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். இரண்டு மீட்டரில் இருந்த செல்போனுக்குப் பதிலாக 25 சென்டிமீட்டரில் காலர் மைக் என்றால் 18 டெசிபெல். மழை அதே அளவில்தான் இருக்கும்.

அப்புறம், விவசாயி பேச்சை நிறுத்திப் பூண்டை மட்டும் உருட்டிக்கொண்டிருக்கும் இருபது விநாடிகள். பேச்சே இல்லாத இடத்தில் மாதிரி பல நேரம் சும்மா இருக்காது. "நன்றி, வணக்கம்" என்றோ, ஒரே வரியைத் திரும்பத் திரும்பவோ எழுதிவிடும். நன்றி சொல்வதற்கு, வீடியோக்களின் கடைசியில் அப்படி வருவதைப் பார்த்துப் பழகியது காரணமாக இருக்கலாம். திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிப்பது எளிது. வந்த எழுத்தை ஜிப் கோப்பு போலச் சுருக்கிப் பார்த்தால் போதும், அளவுக்கு மீறிச் சுருங்கும். விஸ்பரில் 2.4 மடங்குக்கு மேல் சுருங்கினால் அந்தத் துண்டை மறுபடி முயலும். "நன்றி, வணக்கம்" இந்தச் சோதனையில் சிக்காது. அதற்கு, பேச்சு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்கும் சிறு மாதிரியை முதலில் ஓட்டி, வெறும் மழையை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும்.